பன்னிரண்டு சம்பளச் சீட்டும் ஒரு ஜூலை மாதமும்

கேள்வி: என் கணவர் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. வயது 40. எங்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. 2025 மார்ச் 1 அன்று காலையில், விழுந்துகிடந்த சில்வர் ஓக் கிளையை மெஷின் வாளால் அறுக்கும்போது இடது கையில் இரண்டு விரல்கள் முழுவதும் போய்விட்டன. இழப்பீடு தருவதாக நிர்வாகம் சொல்கிறது. ஆனால் கடைசி மூன்று மாதச் சராசரியான 9,633 ரூபாயைத்தான் மாதச் சம்பளமாக எடுப்போம், அதன்படி 2,12,900 ரூபாய் வரும், முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் சம்பளம் ஒரே மாதிரி வராது. பன்னிரண்டு மாதச் சீட்டும் வைத்திருக்கிறேன். கையில் வாங்கியதை எல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் 8,700தான் வருகிறது. அதைப் பார்த்தால் நிர்வாகம் சொல்வது நியாயமாகத்தான் தெரிகிறது. ஜூலையில் மாமனார் இறந்ததால் சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊருக்குப் போய் 23 நாள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். அந்த மாதத்தை நீக்கிவிட்டுப் பதினொன்றால் வகுக்கலாமே என்கிறான் மகன். நாள் கூலி 440ஐ 26ஆல் பெருக்க வேண்டும் என்கிறார் சங்கத்துக்காரர். எது சரி? கையெழுத்துப் போடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கையெழுத்தை நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதிய நான்கு கணக்குகளில் ஒன்றுகூடச் சட்டம் சொல்லும் கணக்கு இல்லை. நீங்களே போட்ட கணக்குதான் நான்கிலும் உங்களுக்கு அதிக நட்டம் தருவது. ஆனால் சரியான கணக்குக்கு வேண்டியது எல்லாம் நீங்கள் அனுப்பியிருக்கும் சீட்டுகளிலேயே இருக்கிறது.

முதலில் எந்தச் சட்டம் என்பதைப் பார்த்துவிடுவோம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்துவிட்டது. இழப்பீடு பெறும் உரிமை விபத்து நடந்த அன்றே பிறந்துவிடுகிறது. உங்கள் கணவரின் விபத்து அதே ஆண்டு மார்ச்சில் நடந்ததால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923தான் அவருக்குப் பொருந்தும். அதன் 5ஆம் பிரிவு 'மாதச் சம்பளம்' என்றால் என்ன என்பதைச் சொல்லுகிறது. மாதச் சம்பளமோ, நாள் கூலியோ, எடைக்கு இவ்வளவு என்ற கூலியோ, எப்படிக் கொடுத்தாலும் அதை ஒரு மாத உழைப்புக்கான தொகையாக மாற்றும் வழி அந்தப் பிரிவில் இருக்கிறது. உங்கள் வீட்டைப் போல ஏறி இறங்கும் வருமானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது.

அந்த ஒரு எண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இழப்பீடு அந்த எண்ணைப் பெருக்கித்தான் வருகிறது. மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை 40 வயதுக்கு அட்டவணை தரும் 184.17 என்ற காரணியால் பெருக்க வேண்டும். ஒரு கையில் இரண்டு விரல்கள் இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று சட்டத்தின் முதல் அட்டவணையே சொல்கிறது. ஆகவே பெருக்கி வந்ததில் 20 சதவீதம் எடுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தால், சராசரியில் கூடும் ஒவ்வொரு ரூபாயும் இழப்பீட்டில் 22 ரூபாய் 10 காசாகிறது. மாதச் சராசரியில் ஆயிரம் ரூபாய் குறைந்தால், உங்கள் குடும்பத்துக்கு 22,100 ரூபாய் குறைகிறது.

கையில் வாங்கியது சம்பளம் அல்ல

நீங்கள் கூட்டியது சீட்டின் கடைசி வரியை, அதாவது பிடித்தம் போக மிஞ்சியதை. சட்டம் கேட்பது அந்தப் பன்னிரண்டு மாதங்களில் அவருக்குச் சேர வேண்டியதாக ஆன மொத்தச் சம்பளத்தை. பிராவிடண்ட் ஃபண்டுக்கு அவர் பங்காகப் பிடித்தது அவருடைய சம்பளம். பண்டிகை முன்பணத்துக்கான தவணையும் அவருடைய சம்பளம்தான். அவர் பட்ட கடனை அடைக்க அவர் காசிலிருந்து எடுத்தது அது. மின்கட்டணம், சங்கச் சந்தா எல்லாமே அப்படித்தான்.

உங்கள் சீட்டுகளில் ஒரு வரி பலரையும் ஏமாற்றக்கூடியது. மாத நடுவில் கொடுத்த முன்பணம், மாதக் கடைசியில் பிடித்தங்களின் பக்கத்தில் ஏறுகிறது. அந்தப் பணத்தை அவர் பதினைந்து நாளைக்கு முன்பே வாங்கிச் செலவும் செய்துவிட்டார். ஆனால் கடைசி வரியில் அது கழிந்துபோயிருக்கிறது. அதனால்தான் வீட்டில் புழங்கிய பணத்துக்கும் நீங்கள் கண்ட 8,700க்கும் பொருந்தவில்லை.

சம்பளத்தில் எதைச் சேர்க்கக்கூடாது என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. பயணப்படி, பிராவிடண்ட் ஃபண்டுக்கு நிர்வாகம் கட்டும் பங்கு, வேலையின் தன்மையால் வரும் தனிச்செலவுக்காகக் கொடுக்கும் தொகை ஆகியவை வராது. ஆனால் பணமாக மதிப்பிடக்கூடிய சலுகை எதுவும் சம்பளத்தில் அடங்கும். நீங்கள் வாடகையின்றி லயன் வீட்டில் குடியிருந்தால், அந்த வீட்டின் மதிப்பையும் சேர்க்கும்படி, இழப்பீட்டு ஆணையரிடம் கொடுக்கும் மனுவில் கேட்கலாம். நிர்வாகம் அதை மறுக்கும். ஆகவே அதைத் தனி வரியாக எழுதுங்கள், கூலிக் கணக்கோடு கலக்க வேண்டாம். கீழே நான் போடும் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

சீட்டுகளில் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம் இப்படி இருக்கிறது. 2024 மார்ச் 9,850, ஏப்ரல் 11,300, மே 12,900, ஜூன் 12,150, ஜூலை 3,100, ஆகஸ்ட் 11,650, செப்டம்பர் 12,800, அக்டோபர் 13,400, நவம்பர் 12,250, டிசம்பர் 10,900, 2025 ஜனவரி 9,300, பிப்ரவரி 8,700. கூட்டினால் 1,28,300. கைக்கு வந்ததாக நீங்கள் கூட்டியது 1,04,400. இடையில் 23,900 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து நழுவிப்போயிருக்கிறது.

நிர்வாகம் எடுத்த மூன்று மாதங்களையும் இப்போது பாருங்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. வெயிலும் பனியும் சேர்ந்து கொழுந்து குறைந்து, அதிகப்படி வேலையும் ஊக்கத்தொகையும் அடிமட்டத்துக்குப் போகும் மாதங்கள் அவை. பணிக்கொடைச் சட்டத்தில் எண்ணிக்கைக் கூலிக்காரருக்குக் கடைசி மூன்று மாதச் சராசரி என்று ஒரு விதி உண்டு. அதை இங்கே கொண்டுவந்துவிட்டார்களோ என்னவோ. எப்படியானாலும் விபத்து இழப்பீட்டில், உங்கள் கணவரைப் போன்ற ஒருவருக்கு அந்த மூன்று மாதக் கணக்குக்கு இடமே இல்லை.

ஜூலை மாதத்தை என்ன செய்வது

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 23 நாள் விடுப்புதான். பொதுவாக எல்லாரும் சொல்வது, விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகு என்பது. 5ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: விபத்துக்கு முன் அதே முதலாளியிடம் பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ச்சியாக வேலை பார்த்திருக்க வேண்டும். 'தொடர்ச்சி' என்பதற்குப் பிரிவின் விளக்கமே வரையறை தருகிறது. பதினான்கு நாளுக்கு மேற்பட்ட வேலை வராமை இடையில் புகுந்தால், அந்த இடத்தில் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது.

உங்கள் கணவர் 2024 ஜூலை 9 முதல் 31 வரை வேலைக்குப் போகவில்லை. இடையில் வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தாலும் இருபது நாள். பதினான்கைத் தாண்டிவிட்டது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. ஆகவே விபத்துக்கு முந்தைய அவருடைய தொடர் வேலைக்காலம் ஆகஸ்ட் 1இல் தொடங்கிப் பிப்ரவரி 28இல் முடிகிறது. ஏழு மாதம்தான். பன்னிரண்டால் வகுக்கும் வழி இங்கே அடைபட்டு, மூன்றாவது உட்பிரிவு திறக்கிறது. (இரண்டாவது உட்பிரிவு ஒரு மாதம்கூட வேலை பார்க்காதவர்களுக்கானது. அது உங்களுக்குத் தேவையில்லை.)

மூன்றாவது உட்பிரிவின் கணக்கு இது. கடைசித் தொடர் வேலைக்காலத்தில் ஈட்டிய மொத்தச் சம்பளத்தை முப்பதால் பெருக்கி, அந்தக் காலத்தின் நாட்களால் வகுக்க வேண்டும். வேலை பார்த்த நாட்களால் அல்ல, நாட்காட்டி நாட்களால். ஞாயிறும் விடுமுறையும் அதில் சேரும். ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை ஏழு சீட்டுகளின் மொத்தம் 79,000 ரூபாய். நாட்கள் 212. முப்பதால் பெருக்கி 212ஆல் வகுத்தால் 11,179 ரூபாய் 25 காசு வருகிறது.

பன்னிரண்டால் வகுத்திருந்தால் 10,691 ரூபாய் 67 காசு வந்திருக்கும். மகன் சொன்னபடி ஜூலையை நீக்கிப் பதினொன்றால் வகுத்தால் 11,382 ரூபாய். தந்தைக்குக் குறைந்துவிடக்கூடாது என்ற அவருடைய எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மோசமான மாதத்தை மட்டும் எடுத்து வெளியே வைக்க நமக்கு அனுமதி இல்லை. அந்த மாதத்தையும் அதற்கு முன்பிருந்த நல்ல மாதங்களையும் சேர்த்துச் சட்டமே ஒதுக்கிவிடுகிறது. மே மாதத்தின் 12,900உம் ஜூன் மாதத்தின் 12,150உம் ஜூலையோடு போய்விட்டன. அவற்றை நாம் திரும்பக் கேட்க முடியாது.

இந்த விதி உங்களுக்குச் சாதகமாக அமைந்தது, அந்த விடுப்பு ஜூலையில் விழுந்ததால்தான். அதே 23 நாள் நவம்பரில் விழுந்து, அவர் டிசம்பர் 1இல் வேலைக்குத் திரும்பியிருந்தால், தொடர் காலம் என்பது கடைசி மூன்று மாதங்கள் மட்டுமே ஆகியிருக்கும். 28,900ஐ முப்பதால் பெருக்கி, தொண்ணூறு நாளால் வகுத்தால் 9,633. நிர்வாகம் சொல்லும் அதே எண்! அப்படிப்பட்ட ஒருவருக்கு அந்த எண் சட்டப்படியே சரியாகியிருக்கும். பக்கத்து லயன்காரருக்கு ஒரு வழியில் கணக்கு வந்ததென்று அதையே எல்லாருக்கும் போடக்கூடாது. முதலில் பதினான்கு நாளுக்கு மேல் இடைவெளி உண்டா, உண்டென்றால் எந்த மாதத்தில் என்று பார்த்துவிட்டுத்தான் வகுக்கத் தொடங்க வேண்டும்.

சங்கத்துக்காரர் சொல்லும் 440ஐ 26ஆல் பெருக்கும் கணக்கில் 11,440 வரும். அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவர் மாதம் தவறாமல் 26 நாள் வேலை பார்த்தார் என்று வைத்துப் போடும் கணக்கு அது. இந்தச் சட்டம் பார்ப்பது உண்மையில் ஈட்டியதை. சீட்டுகள் கையில் இருக்கும்போது கற்பனைச் சம்பளத்தைக் கேட்டால், எதிர்த்தரப்பு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு உங்கள் மற்றக் கணக்குகளையும் சந்தேகப்பட வைக்கும். சட்டத்தில் மாதச் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் ஈட்டினாலும் 15,000 என்றே எடுப்பார்கள். உங்கள் கணவரின் சராசரி அதற்குக் கீழே இருப்பதால் அது உங்களைத் தொடவில்லை. தொடாததாலேயே ஒவ்வொரு ரூபாயும் உங்களுக்குக் கணக்காகிறது.

நிர்வாகம் என்ன சொல்லக்கூடும்

விடுப்பில் இருந்தாலும் அவர் பெயர் பதிவேட்டில் இருந்தது, வேலை போகவில்லை, ஆகவே பன்னிரண்டு மாதமும் தொடர்ச்சிதான் என்று வாதிடலாம். விளக்கம் பேசுவது பெயர் இருந்ததா என்பதைப் பற்றியல்ல, வேலைக்கு வராமல் இருந்ததைப் பற்றி என்பது நம் பதில். அப்படியும் அவர்கள் வாதம் ஏற்கப்பட்டால்கூட 10,691 ரூபாய் 67 காசு கிடைக்கும். ஆகவே மனுவில் இரண்டையும் எழுதுங்கள்: முதன்மையாக 11,179 ரூபாய் 25 காசு, அது ஏற்கப்படாவிட்டால் மாற்றாக 10,691 ரூபாய் 67 காசு. எந்த வாதம் வென்றாலும் 9,633க்கு அவர்களால் இறங்க முடியாது.

தொகையாகப் பார்த்தால் முதன்மைக் கணக்கில் 2,47,066 ரூபாய், மாற்றுக் கணக்கில் 2,36,290 ரூபாய். நிர்வாகம் தருவதாகச் சொல்வது 2,12,900. உங்கள் 8,700ஐ வைத்திருந்தால் 1,92,273தான் வந்திருக்கும். அந்த எண்ணை நிர்வாகத்திடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம். நீங்கள் சொன்னது உங்களைக் கட்டுப்படுத்தாது. சீட்டுகளும் பதிவேடும்தான் பேசும்.

பதிவேடு என்றதும் செக்ரோல் நினைவுக்கு வருகிறது. அவர் எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார் என்பது அதில்தான் இருக்கிறது. ஜூலை 9 முதல் 31 வரை வரவில்லை, ஆகஸ்ட் 1இல் பேர் விழுந்திருக்கிறது என்பதை அது காட்ட வேண்டும். ஊருக்குப் போக எழுதிக் கொடுத்த விடுப்புக் கடிதத்தின் நகல் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஏழு சீட்டுகளில் ஒன்று தொலைந்தாலோ எழுத்து அழிந்திருந்தாலோ, கூலிப் பதிவேட்டைக் கொண்டுவரும்படி உத்தரவிடுமாறு ஆணையரிடம் கேட்கலாம். பிராவிடண்ட் ஃபண்டு பாஸ்புக்கிலும் மாதாமாதம் எந்தச் சம்பளத்துக்குப் பணம் கட்டினார்கள் என்று இருக்கும். ஆனால் ஊக்கத்தொகையும் அதிகப்படி வேலைக் கூலியும் அதில் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே அதைச் சீட்டுக்குத் துணையாக வையுங்கள், சீட்டுக்குப் பதிலாக வேண்டாம். வங்கிக் கணக்கு காட்டுவதும் பிடித்தம் போக மிஞ்சிய தொகையைத்தான்.

ஒரு பழைய வழக்கு இன்னும் என் மனத்தில் உறுத்துகிறது. லாரியிலிருந்து விழுந்து கால் போன ஒரு சுமைத் தொழிலாளியின் மனைவி, வங்கிப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். சீட்டுகள் ஒரு மழையில் நனைந்து போய்விட்டனவாம். அதிகப்படி வேலைக் கூலியை நிரூபிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. நீங்கள் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் நகல் எடுத்து, மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஆணையர் முன்னிலையில் கேட்கும்போது மட்டும் காட்டுங்கள்.

கையெழுத்தும் காலமும்

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கவோ குறைத்துக்கொள்ளவோ செய்யும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வழக்கு நடத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் கையெழுத்திட்ட ஒரு தாளை விளக்கிக்கொண்டே வழக்கைத் தொடங்க வேண்டியிருக்கும், அந்தச் சுமை உங்களுக்கு எதற்கு? நிர்வாகம் ஒப்புக்கொள்ளும் 2,12,900ஐ உடனே தர விரும்பினால், அதை இழப்பீட்டு ஆணையரிடம் கட்டச் சொல்லுங்கள். பொறுப்பின் அளவில் தகராறு இருந்தாலும், தான் ஒப்புக்கொள்ளும் தொகையை முதலாளி முன்கூட்டியே தர வேண்டும் என்பது சட்டம். அதைப் பெறுவதால் மீதியைக் கேட்கும் உங்கள் உரிமை போகாது. 'முழுத் தீர்வு' என்ற சொல் உள்ள எந்தத் தாளும் வேண்டாம்.

விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாத தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி உண்டு. முதன்மைக் கணக்கின்படி அது ஆண்டுக்கு ஏறக்குறைய 29,600 ரூபாய். நியாயமான காரணமின்றித் தாமதித்தார்கள் என்று ஆணையர் கருதினால், இழப்பீட்டில் 50 சதவீதம் வரை கூடுதல் தொகையும் விதிக்கலாம். மருத்துவமனைச் செலவு இவற்றிலெல்லாம் சேராது. உண்மையில் ஆன செலவை முதலாளி தனியாகத் திருப்பித் தர வேண்டும், ஆகவே ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

ஆணையர் என்று நான் சொல்வது தொழிலாளர் துறையில் இந்த இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பொறுப்பான அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். அதாவது 2027 பிப்ரவரி முடிவதற்குள் மனு பதிவாகிவிட வேண்டும். நிர்வாகத்தோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதால் அந்தக் கெடு நீளாது. அதை நம்பிக் காத்திருந்து நாளைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மனுவில் மாதச் சம்பளத்துக்கான இடத்தில் ஒரு எண்ணை மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆகஸ்ட் 1 முதல் பிப்ரவரி 28 வரை 212 நாள், மொத்தச் சம்பளம் 79,000, அதை முப்பதால் பெருக்கி 212ஆல் வகுத்தது என்று முழுக் கணக்கையும் எழுதி, ஏழு சீட்டுகளின் நகலை மாத வரிசையில் பின்னால் இணையுங்கள். மாற்றுக் கணக்குக்காக மற்ற ஐந்து சீட்டுகளும் அதே கட்டில் இருக்கட்டும், ஜூலைச் சீட்டு உட்பட.